கழுத்தில் கழலை, காதில் கேளாமை: பெண்ட்ரெட் நோய்க்குறியின் இரண்டு முகங்கள்

1896ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் டர்ஹாமில் மருத்துவம் பார்த்துவந்த வாகன் பெண்ட்ரெட், லான்செட் இதழுக்கு ஒரு சிறு குறிப்பு அனுப்பினார். அக்கா, தங்கை இருவர். இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. இருவருக்கும் கழுத்தில் கழலை, அதாவது தைராய்டு சுரப்பியின் வீக்கம். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டும் சேர்ந்து வந்திருப்பது அவருக்கு விசித்திரமாகப் பட்டது. காரணம் என்ன என்று சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. கழலையும் காது கேளாமையும் சேர்ந்து வரும் இந்தப் பரம்பரைக் கோளாறுக்கு இன்றும் பெண்ட்ரெட் நோய்க்குறி என்றுதான் பெயர்.

இதைப் பற்றிப் படிக்கிற எவருக்கும் முதலில் எழும் கேள்வி: கழுத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? தைராய்டு ஹார்மோன் குறைந்தால் காது வளர்ச்சி கெடும், அவ்வளவுதானே என்று தோன்றும். நியாயமான ஊகம்தான், ஆனால் தவறு. பெண்ட்ரெட் நோயாளிகளில் பலருக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். அப்படியும் காது போயிருக்கும். ஒரே புரதம் இரண்டு இடங்களில் இரண்டு தனித்தனி வேலைகளைச் செய்கிறது. அது பழுதானால் ஓரிடத்தில் சமாளித்துக்கொள்ளலாம், இன்னோரிடத்தில் முடியாது. நோயின் கதை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

தைராய்டிலிருந்து தொடங்குவோம். அந்தச் சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்தால் சின்னச் சின்ன உருண்டைகளாகத் தெரியும். ஒவ்வொரு உருண்டையின் சுவரும் ஒற்றை வரிசைச் செல்களால் ஆனது. நடுவில் பசை போன்ற ஒரு பொருள் நிறைந்திருக்கும். சுவரில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் ரத்தத்தைப் பார்த்த பக்கம் ஒன்று, நடுப் பசையைப் பார்த்த பக்கம் ஒன்று. முன்வாசல், கொல்லை வாசல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரத்தத்தில் அயோடின் மிகச் சொற்பமாக, அயோடைடு வடிவத்தில் ஓடுகிறது. முன்வாசலில் இருக்கும் ஒரு பம்பு அதை இழுத்து உள்ளே சேர்க்கிறது. ரத்தத்தில் இருப்பதைவிட இருபது, முப்பது மடங்கு செறிவாகச் சேர்க்கும் அளவுக்கு அதற்கு வலு உண்டு. சேர்ந்த அயோடைடு செல்லைக் கடந்து கொல்லை வாசல் வழியாக நடுப் பசைக்குப் போக வேண்டும். அங்கே வாசலை ஒட்டியே தைராய்டு பெராக்சிடேஸ் என்ற நொதி காத்திருக்கிறது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு நொதி ஹைட்ரஜன் பெராக்சைடைத் தயாரித்துக் கொடுக்க, பெராக்சிடேஸ் அதை வைத்து அயோடைடைப் பிடித்து, தைரோகுளோபுலின் என்ற பெரிய புரதத்தின் மேல் பொருத்துகிறது. அயோடின் இப்படிப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டால் பிறகு தானாகக் கழன்று ஓடாது. அடுத்து, அயோடின் ஏறிய துண்டுகள் இரண்டிரண்டாக இணைந்து ஹார்மோனாகின்றன. தேவைப்படும்போது செல் அந்தப் பசையைக் கொஞ்சம் விழுங்கி, செரித்து, ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. பயன்படாமல் மிஞ்சிய துண்டுகளிலிருந்து அயோடினைக் கழற்றி மறுபடி உள்ளேயே சுற்றவிட ஒரு நொதியும் உண்டு.

இந்த வரிசையில் எந்தப் படியிலும் பிறவிப் பழுது வரலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து டிஸ்ஹார்மோனோஜெனிசிஸ் என்று பெயர். ஹார்மோன் ஆக்கக் குறைபாடு என்று சொல்லிக்கொள்ளலாம். பிறவித் தைராய்டு குறைவோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குச் சுரப்பியே உருவாகியிருக்காது, அல்லது நாக்கின் அடியில் எங்கோ தவறான இடத்தில் துளியளவு இருக்கும். ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குத்தான் சுரப்பி சரியான இடத்தில் இருந்தும் வேலை நடக்காத இந்த வகை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது கழலைதான். ஹார்மோன் குறைந்ததும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி, டிஎஸ்ஹெச் என்ற தூண்டுதலைக் கூட்டிக்கொண்டே போகும். இல்லாத சுரப்பியைத் தூண்டி என்ன பயன்? ஒன்றும் ஆகாது. இருக்கும் சுரப்பியோ, உத்தரவு வந்துகொண்டே இருப்பதால் செல்களைப் பெருக்கிக்கொண்டே போகும். கழலை என்பது வேலை செய்ய முடியாத சுரப்பியின் ஓயாத முயற்சி.

எந்தப் படியில் பழுது என்பதைப் பொறுத்து முகம் மாறும். முன்வாசல் பம்பு இல்லையென்றால் அயோடின் உள்ளேயே ஏறாது. எச்சில் சுரப்பிகளிலும் அதே பம்பு இருப்பதால் எச்சிலிலும் அயோடின் சேராது. இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். தைரோகுளோபுலின் பழுதானால் சில சமயம் தாயின் வயிற்றுக்குள்ளேயே கழலை பெருத்துவிடும். மறுசுழற்சி நொதி பழுதானால் அயோடின் சிறுநீரில் வீணாகிக்கொண்டே இருக்கும். இதில் ஒரு வம்பு என்னவென்றால், பிறந்த சில நாட்களில் எடுக்கும் குதிகால் ரத்தப் பரிசோதனை சரியாகவே வந்து, குறைபாடு மாதங்கள் கழித்துத் தலைகாட்டலாம். பெராக்சைடு தயாரிக்கும் நொதியில் பழுதென்றால், சில குழந்தைகள் முதல் சில வருடங்கள் மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பிறகு மாத்திரையே இல்லாமல் இருந்துவிடுவார்கள். சரி, இவற்றையெல்லாம் இங்கேயே விட்டுவிடுகிறேன். நமக்கு வேண்டியது கொல்லை வாசல்.

அந்த வாசலில் அயோடைடை வெளியே அனுப்பும் புரதங்களில் ஒன்றுதான் பெண்ட்ரின். குளோரைடை ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு அயோடைடை மறுபக்கம் தள்ளும் பண்டமாற்று வேலை அதற்கு. அது இல்லாவிட்டால் அயோடைடு செல்லுக்குள் வந்து சேரும், ஆனால் பெராக்சிடேஸ் இருக்கும் இடத்துக்குத் தாராளமாகப் போய்ச் சேராது. உள்ளே ஒட்டாமல் தேங்கி நிற்கும்.

தேங்கி நிற்கிறது என்று எப்படித் தெரியும்? இதற்கு அழகான ஒரு பரிசோதனை இருக்கிறது. பெர்குளோரேட் வெளியேற்றப் பரிசோதனை என்று பெயர். பெண்ட்ரெட் நோயாளிகளின் தைராய்டில் என்ன பழுது என்பதை 1958இல் மார்கன்ஸ், டிராட்டர் என்ற இருவர் காட்டியது இதை வைத்துத்தான். அதாவது பெண்ட்ரெட் எழுதி அறுபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு.

நடைமுறை இப்படி. நோயாளிக்குக் கொஞ்சம் கதிரியக்க அயோடின் கொடுக்கிறார்கள். இரண்டு மணி நேரம் காத்திருந்து, கழுத்துக்கு நேரே கருவியை வைத்து, கொடுத்ததில் எவ்வளவு சுரப்பிக்குள் போயிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். உடனே பொட்டாசியம் பெர்குளோரேட், பெரியவர்களுக்கு வழக்கமாக 1 கிராம், வாய்வழியாகக் கொடுக்கிறார்கள். பெர்குளோரேட் அயனி பருமனிலும் மின்னூட்டத்திலும் அயோடைடு போலவே இருப்பதால் முன்வாசல் பம்பை அடைத்துக்கொள்கிறது. இனிமேல் அயோடைடு உள்ளே வர முடியாது. ஏற்கெனவே உள்ளே வந்தது? புரதத்தில் ஒட்டியிருந்தால் அப்படியே இருக்கும். ஒட்டாமல் சும்மா நின்றுகொண்டிருந்தால், பிடித்துவைக்கும் பம்பு நின்றுவிட்டதால் கசிந்து ரத்தத்துக்கே திரும்பிவிடும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எண்ணினால் எவ்வளவு ஓடியது என்று தெரிந்துவிடும்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒருவருக்கு இரண்டாவது மணி நேர முடிவில், கொடுத்த அயோடினில் 40 சதவீதம் கழுத்தில் இருக்கிறது. பெர்குளோரேட் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து 28 சதவீதம். போனது 12. நாற்பதில் பன்னிரண்டு என்றால் 30 சதவீதம் வெளியேறியிருக்கிறது. ஆரோக்கியமான சுரப்பியில் இது பத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அங்கே அயோடின் வந்த சில நிமிடங்களிலேயே புரதத்தில் ஏறிவிடும். ஆக, இந்த 30 ஒரு பகுதிப் பழுது. பெண்ட்ரெட் நோய்க்கு இதுதான் பழகிய விடை. இன்னொருவருக்கு 60 சதவீதம் இருந்தது 3 சதவீதமாக விழுந்தால், 95 சதவீதம் வெளியேறிவிட்டது. பெராக்சிடேஸ் வேலையே செய்யவில்லை என்று பொருள். அந்தக் குழந்தைக்குப் பிறந்த நாளிலிருந்தே கடுமையான தைராய்டு குறைவு இருக்கும்.

இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள தூரம் முக்கியம். பெண்ட்ரின் முழுவதுமாக இல்லாதவர்களிடமும் அயோடினில் பெரும்பங்கு ஒட்டத்தான் செய்கிறது. அப்படியானால் கொல்லை வாசலில் பெண்ட்ரின் மட்டும் இல்லை, வேறு வழிகளும் இருக்கின்றன. அனாக்டமின் என்ற அயனி வாய்க்கால் அவற்றில் ஒன்று. பெண்ட்ரின் இல்லாமல் செய்யப்பட்ட எலிகளை 2001இல் உருவாக்கிப் பார்த்தார்கள்: காது முற்றிலும் போயிருந்தது, ஆனால் கழலை இல்லை. உணவில் அயோடின் தாராளமாகக் கிடைக்கிற மனிதர்களிடமும் இதே கதைதான். வழி குறுகலாக இருந்தாலும் வந்து குவியும் சரக்கு அதிகமாக இருந்தால் போதிய அளவு கடந்துபோய்விடும். அயோடின் குறைந்த சூழலில் அதே பழுது கழலையாகவும் தைராய்டு குறைவாகவும் வெளிப்படும். ஒரே வீட்டில், ஒரே மரபணுப் பழுதுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குப் பெரிய கழலையும் இன்னொருவருக்கு ஒன்றுமே தெரியாமலும் இருப்பது உண்டு.

பரிசோதனையின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி உள்ளவர்களுக்கும் அயோடின் இப்படி வெளியேறலாம். அது பிறவிக் கோளாறே இல்லை. மறுபக்கம், உண்மையான பெண்ட்ரெட் நோயாளிக்கே விடை சரியாக வந்து ஏமாற்றலாம். தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர் அதை நிறுத்திவிட்டுத்தான் செய்துகொள்ள முடியும். இந்தக் காரணங்களால் இப்போது முதலில் மரபணுவைத்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒரு பழுதின் இயக்கத்தை இவ்வளவு தெளிவாகக் கண்ணுக்குக் காட்டும் பரிசோதனை மருத்துவத்தில் குறைவு என்பது என் எண்ணம்.

இப்போது காதுக்கு வருவோம். இங்கே அயோடினுக்கு வேலையே இல்லை.

உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்ட காக்ளியா இருக்கிறது. அதற்குள், ஒலியை உணரும் செல்களின் தலைப்பக்கத்தை நனைத்துக்கொண்டு எண்டோலிம்ப் என்ற நீர் இருக்கிறது. உடம்பில் மற்ற இடங்களில் செல்லுக்கு வெளியே சோடியம்தான் மிகுதி. இந்த நீரில் பொட்டாசியம் மிகுதி. சுற்றியுள்ள பகுதிகளைவிட ஏறத்தாழ 80 மில்லிவோல்ட் கூடுதல் மின்னழுத்தமும் உண்டு. இந்த மின்னழுத்தம்தான் கேட்கும் செல்களுக்கு மின்கலம். இந்த நீரிலிருந்து ஒரு மெல்லிய குழாய் எலும்புக்குள் இருக்கும் ஒரு கால்வாய் வழியாக மேலே போய், மூளையை ஒட்டிய ஒரு பையில் முடிகிறது. பெண்ட்ரின் அந்தப் பையிலும், காக்ளியாவின் ஓரங்களிலும் இருக்கிறது. அது இங்கே அனுப்புவது பைகார்பனேட்டை. எண்டோலிம்ப் அமிலமாகாமல் பார்த்துக்கொள்வதும், பையில் நீர் உறிஞ்சப்படுவதைச் சரியான அளவில் வைத்திருப்பதும் அதன் பொறுப்பு.

கரு வளரும்போது பெண்ட்ரின் இல்லாவிட்டால் நீர் வடிவதில்லை. குழாயும் பையும் உப்புகின்றன. அந்த நேரத்தில் எலும்பு இன்னும் கெட்டியாகியிருக்காது. உப்பிய உருவத்தைச் சுற்றியே எலும்பு உருவாவதால், கால்வாய் அகலமாகவே நிலைத்துவிடுகிறது. ஸ்கேனில் இதுதான் தெரியும்: கால்வாயின் நடுப்பகுதி 1.5 மில்லிமீட்டர், அல்லது அதற்கு மேல். அகன்ற வெஸ்டிபுலார் கால்வாய் என்று அறிக்கையில் எழுதுவார்கள். பல ஸ்கேன்களில் காக்ளியாவும் இரண்டரைச் சுற்றுக்குப் பதில் ஒன்றரைச் சுற்றோடு நின்றிருக்கும். இத்தாலியின் கார்லோ மொண்டினி 1791லேயே காது கேளாத ஒரு சிறுவனின் உட்செவியில் விவரித்த அதே உருவம். கூடவே நீர் அமிலமாகி, மின்னழுத்தமும் விழுந்துவிடுகிறது.

இங்கே மாற்று வழி இல்லை; அதைவிட முக்கியமாக, மறு அவகாசமும் இல்லை. எலிகளில் பெண்ட்ரின் மரபணுவை வேண்டியபோது இயக்கி, வேண்டாதபோது நிறுத்தி 2011இல் ஒரு ஆய்வு செய்தார்கள். கர்ப்பத்தின் கடைசிச் சில நாட்களிலிருந்து பிறந்த இரண்டாம் நாள் வரை பெண்ட்ரின் இருந்தால் போதும், பிறகு நிறுத்தினாலும் காது கேட்கிறது. அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் பின்னால் கொடுத்துப் பயனில்லை. 2013இல் வந்த இன்னொரு ஆய்வில், மேலே உள்ள அந்தப் பையில் மட்டும் பெண்ட்ரினைக் கொடுத்தே எலிகளின் கேட்கும் திறனைக் காப்பாற்றினார்கள். காக்ளியாவுக்குள் அது இல்லாமலேயே! மனிதக் குழந்தையின் காது எலியைவிட வெகு முன்னதாக, கருப்பைக்குள்ளேயே முதிர்ந்துவிடுகிறது. பிறந்த பிறகு கொடுக்கும் எந்தத் தைராய்டு மாத்திரையும் இந்தக் காதைத் திருப்பித் தராது என்பதற்குக் காரணம் இதுதான்.

மரபணுவைக் கண்டுபிடித்த கதையில் ஒரு வேடிக்கை உண்டு. 1997இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் குழு ஏழாவது குரோமோசோமில் அதைப் பிடித்தது. இன்று ஆய்வக அறிக்கைகளில் எஸ்எல்சி26ஏ4 என்று வருவது அதுதான். அதன் எழுத்து வரிசை ஏற்கெனவே தெரிந்த சல்பேட் கடத்திகளை ஒத்திருந்ததால், இதுவும் சல்பேட்டைத்தான் கடத்தும் என்று தலைப்பிலேயே போட்டு வெளியிட்டார்கள். சல்பேட்டை வைத்துக் கழலையை எப்படி விளக்குவது என்று எல்லோரும் கொஞ்சம் திணறினார்கள். இரண்டு வருடம் கழித்து, 1999இல் நேரடியாக அளந்து பார்த்தபோது சல்பேட்டை அது தொடுவதே இல்லை, குளோரைடையும் அயோடைடையும்தான் கடத்துகிறது என்று தெரிந்தது. சாயலை மட்டும் பார்த்து வேலையை ஊகித்ததால் வந்த குழப்பம்.

இதெல்லாம் ஒரு குழந்தையின் வாழ்க்கையில் எப்படி இறங்குகிறது? பலருடைய அனுபவங்களிலிருந்து கோத்த ஒரு மாதிரிக் கதையைச் சொல்கிறேன்.

ஒரு பெண் குழந்தை. பிறந்ததும் குதிகாலில் எடுத்த தைராய்டு பரிசோதனை சரி. காதுப் பரிசோதனையிலும் தேறிவிட்டாள். ஒன்றேகால் வயதில் சில சொற்கள் பேசினாள். மூன்று வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து தலையில் சின்னதாக ஒரு அடி. வாந்தி, கொஞ்சம் தள்ளாட்டம். இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். ஒரு வாரம் கழித்து அம்மா கவனித்தார்: இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. "விளையாட்டுக்குப் பண்றா" என்றார் அப்பா. பரிசோதித்தால் வலது காதில் 45 டெசிபல், இடதில் 80 டெசிபல் இழப்பு.

இங்கேதான் வழக்கமான முதல் தவறு நடக்கும். செவித்திறன் வரைபடத்தில் காற்று வழியாகக் கேட்பதற்கும் எலும்பு வழியாகக் கேட்பதற்கும் நடுவில், தாழ்ந்த ஒலிகளில், ஒரு இடைவெளி தெரிகிறது. இந்த இடைவெளி பெரும்பாலும் நடுச்செவியில் நீர் கோத்திருப்பதன் அடையாளம். எனவே செவிப்பறையில் துளையிட்டுச் சின்னக் குழாய் வைக்கலாம் என்று ஒரு யோசனை வரும். ஆனால் செவிப்பறையின் அசைவை அளக்கும் பரிசோதனை முற்றிலும் சரியாக இருக்கிறது. நீர் இருந்தால் அது தட்டையாக வந்திருக்கும். நடுச்செவி சுத்தமாக இருக்க, இடைவெளி மட்டும் இருந்தால் கால்வாயைச் சந்தேகிக்க வேண்டும். அகன்ற கால்வாய் உட்செவிக்கு மூன்றாவது ஜன்னல் போல் ஆகிவிடுவதால், காற்றில் வரும் தாழ்ந்த ஒலியின் ஆற்றல் அந்த வழியே சிதறிப்போகிறது.

ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் கால்வாய் 2 மில்லிமீட்டருக்கு மேல். மரபணுப் பரிசோதனையில் எஸ்எல்சி26ஏ4இல் இரண்டு பழுதுகள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. பெற்றோர் இருவருக்கும் காதும் கழுத்தும் நன்றாகவே இருக்கின்றன, ஏனென்றால் ஆளுக்கு ஒரு நல்ல பிரதி மிச்சமிருக்கிறது. இந்த நேரத்தில் குழந்தையின் கழுத்தில் கழலை கிடையாது. டிஎஸ்ஹெச் சரி. "கழலை நோய்க்குறி என்கிறீர்கள், கழலையே இல்லையே" என்று அம்மா கேட்டார். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழலை வந்தால் பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல், பருவமடையும் காலத்தை ஒட்டித்தான் வரும். சிலருக்கு வராமலே போகும். பெயரை நம்பிக் கழலைக்காகக் காத்திருந்தால் பேச்சு வளரும் வருடங்கள் போய்விடும். என்னைக் கேட்டால், இந்த நோய்க்குக் காதை வைத்துத்தான் பெயர் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் நடந்தவை படிப்படியாக. விழுந்த உடனே கேள்வித்திறன் குறைந்தால் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பதுண்டு, பலன் உறுதியில்லை. தலையில் அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்க்கச் சொன்னார்கள். அகன்ற கால்வாய் உள்ளவர்களுக்குச் சின்ன அடியும், சில சமயம் காய்ச்சலும்கூட, அடுத்த படியில் இறக்கிவிடும். ஒரே நாளில் விழும், கொஞ்சம் மீளும், முன்பிருந்த உயரத்துக்கு மீளாது. ஆறு வயதில் வலது காதும் இப்படிப் படிப்படியாக இறங்கியபோது காக்ளியர் இம்ப்ளாண்ட் வைத்தார்கள். அறுவைச் சிகிச்சையில் காக்ளியாவைத் திறந்ததும் திரவம் வழக்கத்தைவிட அதிகமாகக் கசிந்தது. அகன்ற கால்வாய் என்று முன்பே தெரிந்ததால் அதற்குத் தயாராக இருந்தார்கள். கேட்டுப் பழகிய காது, நரம்பும் நன்றாக இருக்கிறது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இம்ப்ளாண்ட் நன்றாகவே கைகொடுக்கும்.

பதிமூன்று வயதில் சட்டையின் கழுத்துப் பட்டன் இறுக்கமாக இருக்கிறது என்றாள். மென்மையான, பரவலான கழலை. டிஎஸ்ஹெச் சற்று உயர்ந்து 7, ஹார்மோன் அளவு கீழ் எல்லையில். தைராக்சின் தொடங்கினார்கள். தூண்டுதல் குறைந்ததும் கழலை பெருப்பது நின்றது.

இதே பெராக்சிடேஸ் பழுதாக இருந்திருந்தால் கதை வேறு. அங்கே பிறந்த சில நாட்களில் டிஎஸ்ஹெச் எகிறியிருக்கும். இரண்டு வாரத்துக்குள் எடைக் கிலோவுக்குத் தினமும் 10 முதல் 15 மைக்ரோகிராம் தைராக்சின் தொடங்கவில்லை என்றால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். பெண்ட்ரெட் குழந்தைக்கு அந்த அவசரம் பெரும்பாலும் இல்லை. குதிகால் பரிசோதனை அதைத் தவறவிடுவதும் அதனால்தான்.

கழலையும் கேளாமையும் ஒன்றாக இருப்பதாலேயே பெண்ட்ரெட் என்று முடிவுகட்டுவது எதிர்ப்பக்கத் தவறு. அயோடின் கடுமையாகக் குறைந்த மலைப்பகுதிகளில், முன்பு ஆல்ப்ஸ் மலையில் இருந்தது போல, கழலையும் காது கேளாமையும் சேர்ந்தே நிறையப் பேருக்கு வந்தன. அங்கே காரணம் சாப்பாட்டில் இருந்தது. பிறவியிலேயே கடுமையான தைராய்டு குறைவு உள்ளவர்களுக்கும் காது மந்தமாகலாம். வேறொரு மரபணுவால் காது போனவருக்குத் தனியாக ஹாஷிமோட்டோ வந்து கழலையும் சேரலாம். இரண்டுமே அபூர்வமான விஷயங்கள் இல்லை, தற்செயலாகச் சேரும். கால்வாய் அகலமாக இருக்கிறதா என்று பார்ப்பதே இவற்றைப் பிரிக்க நல்ல வழி. கால்வாய் சரியாக இருந்தால் பெண்ட்ரெட் என்பது அநேகமாக இல்லை.

கழலையை வெட்டி எடுத்துவிட்டுக் கதையை முடித்துவிடலாம் என்று நினைப்பதும் பழைய வழக்கம். பழுது ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. சிறு துண்டு மிச்சம் வைத்துவிட்டுத் தைராக்சினும் கொடுக்காமல் அனுப்பினால், டிஎஸ்ஹெச் அந்தத் துண்டையே மறுபடி பெருக்கிவிடும். இன்னொரு தொல்லை: வெட்டியெடுத்த கழலையை நோயியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்க்கும்போது, வருடக்கணக்கில் தூண்டப்பட்டுப் பெருத்த செல்கள் கோணல்மாணலான, பெரிய உட்கருக்களோடு புற்றுநோய் போலவே தெரியும். நோயாளிக்குக் காது கேட்காது, பல வருடங்களாகக் கழலை என்ற இரண்டு வரி விவரம் அவருக்குப் போய்ச் சேராவிட்டால் தவறான அறிக்கை வர இடமுண்டு. உண்மையான புற்றுநோயும் நெடுநாள் கவனிக்காத கழலைகளில் வந்திருக்கிறது என்பதால், கட்டிகளை அலட்சியமாக விடவும் முடியாது.

பெண்ட்ரின் இருக்கும் மூன்றாவது இடம் சிறுநீரகம். அங்கே மிஞ்சிய பைகார்பனேட்டை வெளியேற்றுவது அதன் வேலை. சாதாரண நாட்களில் அது இல்லாதது தெரியாது. ஆனால் தையசைடு வகை நீர்ப்பெருக்கி மாத்திரை கொடுத்தால் ரத்தம் காரத்தன்மைக்குச் சாய்ந்து பொட்டாசியமும் அபாயகரமாகக் குறையலாம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதும் மருத்துவரிடம், பெண்ட்ரெட் இருப்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

கடைசியாகக் குடும்பக் கணக்கு. 1965இல் ஃப்ரேசர் என்பவர் 207 குடும்பங்களை ஆராய்ந்து, பிறவிக் காது கேளாமையில் ஏறக்குறைய 7.5 சதவீதத்துக்கு இந்த நோய் காரணமாகலாம் என்று மதிப்பிட்டார். அதாவது காது கேளாதவர்கள் நடுவே இது அபூர்வமே இல்லை. ஆளுக்கு ஒரு பழுதான பிரதி உள்ள பெற்றோருக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு; முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்று எந்தக் கணக்கும் இல்லை. நம் கதையில் வரும் பெண் வளர்ந்து, காது கேளாத ஒருவரையே துணையாகத் தேர்ந்தால்? அவருக்கும் எஸ்எல்சி26ஏ4 இரண்டு பிரதியும் பழுதென்றால் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் பழுது இருக்கும். அவருக்கு வேறு மரபணுவால், உதாரணமாகக் கனெக்சின் 26இல் வரும் பழுதால், காது போயிருந்து, அந்தப் பெண்ணிடம் கனெக்சின் பழுதும் அவரிடம் பெண்ட்ரின் பழுதும் இல்லையென்றால், குழந்தைகள் ஒவ்வொன்றிலும் ஆளுக்கொரு பழுதுதான் இறங்கும். காது கேளாத அந்த இருவருக்கும் பிறக்கும் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காது கேட்கும்.